லண்டன் போய்வந்த 31 மணி நேரம்: எந்தக் கடிகாரத்தில் எண்ணுவது?

*வணக்கம் ஐயா. நான் கோலாலம்பூரில் நான்கு வருடமாக கேபின் க்ரூவாக இருக்கிறேன். ஜனவரியில் லண்டன் போனேன். திங்கள் இரவு 10 மணிக்கு இங்கே ரிப்போர்ட் செய்தேன், செவ்வாய் காலை 6 மணிக்கு அங்கே டியூட்டி முடிந்தது. அது 8 மணி நேரம். புதன் காலை 9 மணிக்கு லண்டனில் ரிப்போர்ட், வியாழன் காலை 8 மணிக்கு இங்கே முடிந்தது. அது 23 மணி நேரம். ஆனால் ரோஸ்டரில் 16, 15 என்று போட்டிருக்கிறார்கள். வரும்போது என் 8 மணி நேரத்தைத் தின்றுவிட்டார்களா? பங்க்கில் படுத்த நேரத்தைக் கழித்துவிட்டார்களா? லண்டனில் 27 மணி நேரம் ஓய்வு இருந்தும் தூக்கம் வரவில்லை, திரும்பும் வழியெல்லாம் கண் எரிந்தது. போன வருடம் 16 மணி ஓய்விலேயே திரும்பினேன், அப்போது இவ்வளவு களைப்பு இல்லை. வந்த பிறகு சனிக்கிழமை காலை 5 மணிக்குப் பினாங்கு ஃப்ளைட்டுக்கு ரிப்போர்ட். கேட்டதற்கு, “45 மணி நேரம் கொடுத்திருக்கிறோம், உங்கள் ஆஃப் நாளும் அதில் அடங்கிவிட்டது” என்றார்கள். அடுத்த மாதமும் அதே மாதிரி ரோஸ்டர் வந்திருக்கிறது. மறுத்தால் வேலை போகுமா?*

*பெயர் வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ்*

அன்புள்ள சகோதரி,

வழக்கறிஞர் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் நான் ஆறு வருடம் ஒரு விமான நிறுவனத்தின் ரோஸ்டர் பிரிவில் இருந்தேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் குழப்பத்தோடு எத்தனையோ பேர் அந்த அலுவலக ஜன்னலில் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருடைய சந்தேகம் சரிதான், கேட்ட இடம்தான் தவறு. உங்களுடையதும் அப்படித்தான். நீங்கள் ஏமாந்ததாக நினைக்கும் 8 மணி நேரத்தில் ஒன்றும் தவறு நடக்கவில்லை. நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன சனிக்கிழமை 5 மணியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் திரும்பும் பயணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மணி நேரத்தை எண்ண ஒரே கடிகாரம்

டியூட்டி எவ்வளவு நீளம் என்பதைக் கண்டுபிடிக்க உள்ளூர் மணியை யாரும் பயன்படுத்துவதில்லை. ரிப்போர்ட் செய்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிவிட்டுத்தான் கழிப்பார்கள். ரோஸ்டரில் மணிக்குப் பக்கத்தில் Z என்ற எழுத்து இருந்தால் அது யூடிசி. மலேசிய நேரம் அதைவிட 8 மணி கூடுதல். குளிர்காலத்தில் லண்டன் நேரமும் யூடிசியும் ஒன்றே. உங்கள் பயணத்தை அப்படி எழுதினால் இப்படி வரும்:

```
MON 1400Z - TUE 0600Z = 16:00
TUE 0600Z - WED 0900Z = 27:00
WED 0900Z - THU 0000Z = 15:00
```

முதல் வரி போன டியூட்டி, நடுவில் லண்டன் ஓய்வு, கடைசி வரி திரும்பிய டியூட்டி. நீங்கள் எண்ணிய 8, 23 இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 31. ரோஸ்டர் சொல்லும் 16, 15 இரண்டையும் கூட்டினாலும் 31. போகும்போது லண்டன் கடிகாரம் உங்களிடமிருந்து மறைத்த 8 மணி நேரத்தை, வரும்போது கோலாலம்பூர் கடிகாரம் கூடுதலாகக் காட்டியது. அவ்வளவுதான். நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்கு தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை 12 மணிக்கு நகர்த்தி வைத்தார்கள். அன்று இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை நைட் ஷிஃப்ட் பார்த்தவர் உண்மையில் ஏழரை மணி நேரம்தான் வேலை செய்தார்.

பங்க் பற்றியும் உங்களுக்குப் பயம் இருந்தது. விமானத்தில் பங்க்கில் படுத்த நேரம் டியூட்டியிலிருந்து கழிக்கப்படாது. அது டியூட்டிக்குள் இருக்கும் ஓய்வு. அதனால் கிடைப்பது வேறு: பங்க் ஓய்வு இருப்பதால்தான் நிறுவனம் உங்களைச் சாதாரண வரம்பைத் தாண்டி 15, 16 மணி நேரம் வைத்துக்கொள்ள அனுமதி பெறுகிறது. ஆகவே பங்க்கில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதைக் குறித்து வைப்பது முக்கியம். ஆள் குறைவாக இருந்தது, சர்வீஸ் முடியவில்லை என்று அந்த நேரம் சுருங்கினால், நீட்டித்த வரம்பின் அடிப்படையே ஆட்டம் காணும்.

யூடிசியில் எண்ணுவது உங்களுக்கே சாதகம் என்பதையும் கவனியுங்கள். ஓய்வு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது முந்தைய டியூட்டியின் நீளத்தைப் பொறுத்தது. பெரும்பாலான விதிமுறைகளில் குறைந்தபட்ச ஓய்வு முந்தைய டியூட்டி அளவாவது இருக்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கீழே போகவும் கூடாது. நீங்கள் சொன்னபடி போன டியூட்டியை 8 மணி என்று எண்ணியிருந்தால், லண்டனில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய குறைந்தபட்சம் 10 அல்லது 12 மணிக்கு இறங்கியிருக்கும். 16 என்று எண்ணியதால் 16. விமானம் 2 மணி நேரம் தாமதமாகி டியூட்டி 18 ஆனால், குறைந்தபட்ச ஓய்வும் 18 ஆகும். ரோஸ்டரில் அச்சிட்ட நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, நடந்த நேரத்தை வைத்துத்தான்.

இதில் ஒரு குழியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். சனி மாலை 6 மணிக்கு டியூட்டி முடித்த ஒரு குழுவுக்கு ஞாயிறு காலை 10 மணிக்கு ரிப்போர்ட் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவை சரியாக 16 மணி நேரம். உள்ளூர் மணியில் கழித்தவருக்கு 16 வந்தது. உண்மையில் கிடைத்தது 15. குழு கீழே இறங்கி வந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. மார்ச் கடைசி, அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் லண்டனில் இருந்தால் நீங்களே ஒருமுறை Z நேரத்தில் கழித்துப் பாருங்கள்.

வரம்பைப் படிக்க இன்னொரு கடிகாரம்

இனி உங்கள் கண் எரிந்த கதைக்கு வருவோம். டியூட்டியின் நீளத்தை யூடிசியில் எண்ணினாலும், எவ்வளவு நீளம் வரை போகலாம் என்பதை ஒரு அட்டவணையில் பார்ப்பார்கள். அந்த அட்டவணை ரிப்போர்ட் செய்யும் நேரத்தைப் பொறுத்தது: காலையில் தொடங்கினால் அதிக நேரம், மாலையிலோ இரவிலோ தொடங்கினால் குறைவு. ஐரோப்பிய விதிமுறையை எடுத்துக்கொண்டால், காலை 9 மணிக்குத் தொடங்குபவருக்கு ஒன்று அல்லது இரண்டு செக்டருக்கு 13 மணி நேரம். விமானம் ஒருமுறை கிளம்பி இறங்குவது ஒரு செக்டர். மாலை 5 மணிக்குத் தொடங்குபவருக்கு 11. இவை பங்க் நீட்டிப்பு சேர்க்காத அடிப்படை வரம்புகள். ரிப்போர்ட் செய்ததிலிருந்து கடைசி செக்டர் முடிந்து விமானம் நின்று என்ஜின் அணையும் வரை உள்ள நேரத்துக்கு இந்த வரம்பு. அதற்குப் பிறகு பயணிகளை இறக்கி வேலை முடிக்கும் அரை மணி நேரம் டியூட்டியில் சேரும், இதில் சேராது.

புதன்கிழமை நீங்கள் ரிப்போர்ட் செய்தது லண்டன் மணிக்குக் காலை 9. ஆனால் உங்கள் உடம்புக்கு அது மாலை 5. அட்டவணையை எந்த மணியில் பார்ப்பது?

உடம்பு எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த மணியில்தான் என்கிறது விதி. உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். 8 மணி வித்தியாசத்தை ஒரே இரவில் அது தாண்டாது. அதனால் ஐரோப்பிய முறையில், கோலாலம்பூரில் முதலில் ரிப்போர்ட் செய்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் அடுத்த டியூட்டி தொடங்கினால் நீங்கள் இன்னும் கோலாலம்பூர் நேரத்து ஆள். உங்களுக்குத் திங்கள் இரவு 10 மணியிலிருந்து கணக்கிட்டால் 43 மணி நேரம்தான் ஆகியிருந்தது. எனவே பார்க்க வேண்டியது மாலை 5 மணி வரி, 11 மணி நேரம். 48 மணி தாண்டியிருந்தாலும் தப்ப முடியாது. உடம்பு எந்த நேரத்தில் இருக்கிறது என்றே சொல்ல முடியாத நிலை என்று வைத்து, அப்போதும் 11 தான் தருகிறார்கள்.

பழைய பிரிட்டிஷ் முறையை ஒட்டி எழுதப்பட்ட மேனுவல்களில் இதே விஷயம் வேறு வழியில் வரும். அங்கே ஒரு ஊரின் நேரத்துக்குப் பழகியவர் என்று சொல்ல, அந்த ஊரை ஒட்டிய 2 மணி அகல நேர வட்டத்துக்குள் தரையில் தொடர்ந்து 3 உள்ளூர் இரவுகள் கழித்திருக்க வேண்டும். பழகாதவருக்குத் தனி அட்டவணை, அதில் ரிப்போர்ட் நேரம் பார்ப்பதில்லை. முன்னால் கிடைத்த ஓய்வு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஓய்வு 18 மணி வரையோ, 30 மணிக்கு மேலோ இருந்தால் விமானிக்கு ஒரு செக்டருக்கு 13 மணி நேரம். 18க்கும் 30க்கும் இடையில் இருந்தால் பதினொன்றரைதான். கேபின் க்ரூவுக்கு இரண்டிலும் ஒரு மணி நேரம் கூடுதல்.

படிப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். 16 மணி ஓய்வு எடுத்தவரை அதிக நேரம் வேலை வாங்கலாம், 27 மணி ஓய்வு எடுத்தவரைக் குறைவாகத்தான் வாங்கலாமா? இதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லண்டனில் காலை 6 மணிக்கு டியூட்டி முடிந்தபோது உங்கள் உடம்புக்கு மதியம் 2. உங்கள் உடம்பின் இரவு, அதாவது இங்கே இரவு 10 முதல் காலை 6 வரை, லண்டனில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. போன வருடம் 16 மணி ஓய்வில் நீங்கள் இரவு 10 மணிக்கு ரிப்போர்ட் செய்திருந்தால், உடம்பு தன் இரவைத் தூங்கி எழுந்த கையோடு வேலைக்கு வந்திருக்கும். இந்த முறை 27 மணி. உடம்பின் இரவு முடிந்த பிறகு, லண்டன் இரவில் நீங்கள் தூங்க முயன்றபோது உடம்புக்குப் பகல். அதனால்தான் தூக்கம் வரவில்லை. பிறகு உடம்பின் மாலை 5 மணிக்கு வேலை தொடங்கி, அதன் முழு இரவையும் விழித்தபடி கடந்து, காலை 8 மணிக்கு இங்கே இறங்கினீர்கள். தூக்கம் மிக ஆழமாக இழுக்கும் அதிகாலை 2 முதல் 6 வரையான நேரம் நடுவானில் போயிற்று. உங்கள் உடம்பு சரியாகத்தான் சொன்னது.

ஆகவே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி 8 மணி நேரம் எங்கே போனது என்பதல்ல. ரிப்போர்ட் செய்ததிலிருந்து விமானம் நிற்கும் வரை நீங்கள் வேலை செய்த பதினான்கரை மணி நேரத்துக்கு, அட்டவணையில் எந்தத் தொடக்க நேரத்தைப் பயன்படுத்தினார்கள், எவ்வளவு பங்க் ஓய்வைக் காட்டி நீட்டித்தார்கள் என்பதுதான். லண்டன் மணிக் காலை 9ஐ எடுத்திருந்தால், 13இலிருந்து பதினான்கரைக்கு ஒன்றரை மணி நீட்டித்தால் போதும். உடம்பின் மணி மாலை 5ஐ எடுத்தால் 11இலிருந்து மூன்றரை மணி நீட்டிக்க வேண்டும். அதற்கேற்ற பங்க் ஓய்வும் காட்ட வேண்டும்.

நேர வித்தியாசம் உள்ள எல்லாப் பயணத்துக்கும் இதைப் பொருத்திவிடாதீர்கள். சென்னைக்குப் போய் அதே டியூட்டியில் திரும்பி வந்தால், இரண்டரை மணி வித்தியாசத்தை இருமுறை கடந்திருப்பீர்கள், ஆனால் டியூட்டி தொடங்கியதும் முடிந்ததும் கோலாலம்பூரில். பழைய பிரிட்டிஷ் முறையில் பார்ப்பது டியூட்டி எங்கே முடிகிறது என்பதை. அதனால் உங்கள் பழக்க நிலை மாறாது.

சனிக்கிழமை காலை 5 மணி

இங்கே மூன்றாவது கடிகாரம் வருகிறது, வீட்டுச் சுவரில் இருப்பது. வியாழன் காலை 8 முதல் சனி காலை 5 வரை 45 மணி நேரம் என்பது சரி. ஆனால் ஆஃப் நாளை மணி நேரத்தில் மட்டும் எண்ணுவதில்லை, உள்ளூர் இரவுகளாலும் எண்ணுவார்கள். உள்ளூர் இரவு என்றால் இரவு 10 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையில் விழும் 8 மணி நேரம். பழைய பிரிட்டிஷ் முறையில் ஒரு ஆஃப் நாள் குறைந்தது 34 மணி நேரம் இருக்க வேண்டும், அதற்குள் 2 உள்ளூர் இரவுகளும் முழுதாக இருக்க வேண்டும்.

வியாழன் இரவு முழுதாகக் கிடைத்தது, அது ஒன்று. வெள்ளி இரவு 10 மணி முதல் சனி காலை 5 மணி வரை 7 மணி நேரம்தான். அது உள்ளூர் இரவு ஆகாது. 34 மணி நேர நிபந்தனையைத் தாராளமாகத் தாண்டியும், இரண்டாவது இரவு ஒரு மணி நேரத்தால் உடைந்துவிட்டது. ரிப்போர்ட் 6 மணிக்கு இருந்திருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். நீங்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிப்பாங் போக நாலரைக்கே கிளம்ப வேண்டும் என்பதை விதி பார்க்காது, அது ரிப்போர்ட் நேரத்தோடு நின்றுவிடும். அப்படித் தாராளமாகப் பார்த்தும் 5 மணி தேறவில்லை.

ஐரோப்பிய முறையிலும் இதேதான். 4 மணி அல்லது அதற்கு மேல் நேர வித்தியாசம் உள்ள பயணம் முடிந்து தாய் நிலையத்துக்கு வந்தால் குறைந்தது 2 உள்ளூர் இரவுகள். வித்தியாசமும் வெளியில் இருந்த காலமும் கூடக்கூட அது 5 வரை போகும். லண்டன் பயணத்துக்கு 2க்குக் குறைய வழியே இல்லை.

இதில் நான் உங்களை எச்சரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய விதியோ பழைய பிரிட்டிஷ் விதியோ உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. உங்களைக் கட்டுப்படுத்துவது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளின்கீழ் உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் ஓப்பரேஷன்ஸ் மேனுவல். அதன் ‘அ’ பாகத்தில் பறப்பு, டியூட்டி, ஓய்வு நேரங்களுக்கென்று ஒரு அத்தியாயம் இருக்கும், பெரும்பாலும் ஏழாவது. உங்கள் டேப்லெட்டிலேயே அது இருக்க வேண்டும். அதில் மூன்று வரையறைகளைப் படியுங்கள்: உள்ளூர் இரவு, ஆஃப் நாள், நேரத்துக்குப் பழகிய நிலை. நான் மேலே சொன்ன எண்களை அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளூர் இரவின் வரையறை வேறு மாதிரி இருந்தால் என் கணக்கும் மாறும்.

அப்புறம், இவை பாதுகாப்பு வரம்புகள். சம்பளக் கணக்கு வேறு. லே-ஓவர் அலவன்ஸ், ஆஃப் நாளில் வேலை செய்ததற்கான தொகை எல்லாம் உங்கள் ஒப்பந்தத்திலும் தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்திலும் இருக்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், பணத்துக்காகத்தான் கேட்கிறார் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மறுப்பதா, கேட்பதா

சும்மா வராமல் இருந்துவிடாதீர்கள். காரணம் எதுவாக இருந்தாலும் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் கொடுக்கும். அடுத்த மாத ரோஸ்டர் இப்போதே கையில் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு நல்ல நேரம். விமானத்துக்கு முந்தின இரவு கேட்டால் அது பணிமறுப்பு போலத் தெரியும். மூன்று வாரம் முன்னால் கேட்டால் அது கேள்வி. எழுத்தில் கேளுங்கள், தொழிற்சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

களைப்பால் வேலை செய்ய முடியாத நிலை வேறு. அன்றைய தினம் உண்மையிலேயே பாதுகாப்பாக வேலை செய்ய முடியாது என்றால், ரோஸ்டர் சட்டப்படி சரியாக இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. சொல்லிவிட்டு களைப்பு அறிக்கையும் கொடுங்கள். அதில் “மிகவும் சோர்வாக இருந்தது” என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாகத் தூங்கிய இரண்டு தடவையும் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், ரிப்போர்ட் செய்யும்போது விழித்து எத்தனை மணி நேரம், எல்லாம் Z நேரத்தில் எழுதுங்கள். ஜனவரிப் பயணத்துக்கும் நினைவு இருக்கும்போதே எழுதி வையுங்கள். ரோஸ்டர் விதியை மீறுகிறது என்ற வாதத்தையும் உடல்நிலை சரியில்லை என்பதையும் ஒன்றாக்காதீர்கள். ஒன்று தோற்றால் மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

நிறுவனம் பதில் தரவில்லை என்றால் அடுத்த படி ஆணையத்திடம் போவது, சங்கத்தின் வழியாகப் போவது நல்லது. ஒரு நியாயமான கேள்வி கேட்டதற்காக வேலையை விட்டு எடுப்பது எளிதல்ல. அப்படி நடந்தால், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் தொழில் உறவுத் துறையில் 60 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறது என்று காத்திருந்து அந்த 60 நாளைத் தவறவிட்டவர்கள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் அதிகம் செய்ய முடியவில்லை.

ரோஸ்டர் பிரிவுக்கு நீங்கள் எழுத வேண்டியது நாலு வரிதான்: “அடுத்த மாத லண்டன் பயணத்துக்குப் பிறகு வியாழன் காலை 8 முதல் சனி காலை 5 வரை கொடுத்திருக்கிறீர்கள். இதில் எந்த இரண்டு உள்ளூர் இரவுகளை எண்ணினீர்கள்? லண்டனிலிருந்து திரும்பும் டியூட்டியின் வரம்புக்கு எந்தத் தொடக்க நேரத்தையும் எவ்வளவு பங்க் ஓய்வையும் எடுத்துக்கொண்டீர்கள்? மேனுவலின் பத்தி எண்ணோடு தெரிவிக்கவும்.” பதில் வந்ததும் அதை எனக்கு அனுப்பி வையுங்கள், அந்தப் பத்தியையும் சேர்த்து.